சேர்வராயன் மலையில் சாமிக்காடு நிற்கிறது, திருமணிமுத்தாறு மட்டும் ஏன் இப்படி ஆனது?

கண்ணங்குறிச்சி வேல்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். மலையே சாமி, ஆறும் சாமி. மலையாளிப் பழங்குடி ஊர்களில் சின்னச் சின்ன சாமிக்காடுகள் இன்றும் நிற்கின்றன. உள்ளே போய் ஒரு குச்சி ஒடிக்கவும் ஆட்கள் தயங்குகிறார்கள்.

அதே மலையில் பிறந்து கீழே வரும் திருமணிமுத்தாறும் புனிதமானதுதான். பேரிலேயே ‘திரு’ இருக்கிறது. சேலத்துக்குள் சுகவனேசுவரர் கோயில் பக்கமாகப் போகிறது. ஆனால் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரே மலை, ஒரே மக்கள், ஒரே பக்தி. ஒன்றைக் காப்பாற்ற முடிந்தது, இன்னொன்றை ஏன் முடியவில்லை? மதம் இயற்கையைக் காக்கச் சொல்கிறது என்று பொதுவாகப் பேசுகிறோமே, அது எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் செய்வதில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை.

செவ்வாய்பேட்டை குமரன்

வேல், நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் காரணத்தோடுதான் வைத்தார்கள். அரசமரம் இரவிலும் ஆக்ஸிஜன் விடும், அதனால்தான் அதைச் சுற்றி வரச் சொன்னார்கள். வேம்பு கிருமியைக் கொல்லும், அதனால் மாரியம்மனுக்கு வேப்பிலை. அறிவியலைச் சாமி என்று சொன்னால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று அப்படி வைத்தார்கள். இப்போது பயம் போய்விட்டது, அதனால் ஆறும் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அஸ்தம்பட்டி ஜானகி

குமரன் தம்பி, நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த ஆக்ஸிஜன் கதையை வகுப்பில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! எந்த மரமும் வெளிச்சம் இருந்தால்தான் ஆக்ஸிஜன் விடும். அரசங்கன்று சுவரிலோ வேறு மரத்திலோ ஒட்டி வளரும் சின்ன வயதில், தண்ணீரை மிச்சப்படுத்த இரவில் கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்று சொல்வதுண்டு. அது வேறு. ஆக்ஸிஜன் பகலில்தான் வரும்.

ஆனால் அரசு, ஆல், அத்தி மூன்றையும் வெட்டாதே என்று வைத்ததில் பெரிய பலன் உண்டு. அது மூச்சுக்காற்றில் இல்லை, பழத்தில் இருக்கிறது. மா, நாவல் எல்லாம் வருடத்தில் ஒரு பருவம் காய்த்து ஓய்ந்துவிடும். அத்தி வகை மரங்கள் அப்படியில்லை. ஒவ்வொரு வகைக்கும் மகரந்தம் சேர்க்க அதற்கே உரிய ஒரு சின்னக் குளவி இருக்கிறது. அந்தக் குளவி சில நாள்தான் உயிர்வாழும். அது அழியாமல் இருக்க வேண்டுமானால் பக்கத்தில் ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மரங்கள் ஒன்றாகக் காய்க்காமல் ஆளுக்கொரு நேரம் காய்க்கின்றன. வேறு பழமே இல்லாத மாதத்திலும் காட்டில் எங்கோ ஓர் ஆலமரத்தில் பழம் இருக்கும். குக்குறுவான், மைனா, பழந்தின்னி வௌவால், குரங்கு எல்லாம் அங்கே வரும். வந்தவை வேறு மரத்து விதைகளையும் அடியில் எச்சமாகப் போட்டுவிட்டுப் போகும். ஒரு பெரிய ஆலமரத்தை விட்டுவைத்தால் அதன் அடியில் தானாகவே ஒரு காடு வளரும்.

இதையெல்லாம் தெரிந்துதான் சாமி என்றார்களா? அப்படி நான் சொல்ல மாட்டேன். குளவி விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. அந்த மரத்துக்குப் பறவைகள் கூட்டமாக வருவதையும், அடியில் நிழல் போகாததையும் பார்த்திருப்பார்கள். அது போதும்.

ஏற்காட்டு மாதையன்

ஜானகி டீச்சர் சொன்னதை எங்கள் ஊர்க்காட்டில் கண்ணால் பார்க்கலாம். நான் மலையாளி சமூகத்துக்காரன். மாரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு மேலே ஓடைத் தலைப்பில் ஏறக்குறைய 2 ஏக்கர் சாமிக்காடு. நடுவில் கூரையில்லாத கல் சாமி, பக்கத்தில் ஒரு வேல், கொஞ்சம் மண் குதிரை.

எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்கிறேன். செருப்பு போட்டு உள்ளே போகக் கூடாது. அரிவாள், கோடாலி கொண்டுபோகக் கூடாது. காய்ந்து விழுந்த மரத்தையும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, பண்டிகைக்குப் பொங்கல் வைக்க அங்கேயே எரிக்கலாம். ஆடு மாடு உள்ளே போனால் உடையவர் அபராதம் கட்ட வேண்டும். அபராதத்தை ஊர் முன்னால் வாங்குவார்கள், அந்தப் பணம் சாமி உண்டியலில் சேரும். சாமி குத்தம் என்று பயம் உண்டுதான். ஆனால் எங்கள் அப்பா காலத்தில் ஜனங்கள் சாமிக்குப் பயந்ததைவிட ஊர்க்கூட்டத்தில் நிற்பதற்கு அதிகமாகப் பயந்தார்கள்.

காட்டுக்குக் கீழே ஒரு சுனை இருக்கிறது. சித்திரையிலும் வற்றாது. சுற்றிலும் காபித் தோட்டமாகி, நிழலுக்கு இருந்த பழைய மரங்கள் போய் சில்வர் ஓக் வந்த பிறகு மற்ற ஊற்றுகள் மாசியிலேயே நின்றுவிடுகின்றன.

எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பிறகு கேட்கிறேன். முதலில் ஆற்றுக்குப் பதில் வரட்டும்.

தாதகாப்பட்டி செல்வி

இந்த இழை ரொம்ப உபயோகமாக இருக்கிறது, நன்றிங்க. எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஒரு முழம் உயரம். சுவர் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மாமியார் தொடவே விடமாட்டேன் என்கிறார். அரசமரத்தைப் பிடுங்கினால் பாவமா? பரிகாரம் ஏதாவது உண்டா?

அஸ்தம்பட்டி ஜானகி

செல்வி, அது பறவை எச்சத்தில் வந்த கன்று. சுவரில் விட்டால் சுவரும் போகும், கன்றும் மரமாகாது. மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது சுற்றியுள்ள பூச்சைத் தட்டி, வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். தண்டை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். எடுத்ததை ஏரிக்கரையிலோ கோயில் நிலத்திலோ கேட்டுவிட்டு நடுங்கள், மாமியார் கையாலேயே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தும் சாக்கடைக் குழாயிலிருந்தும் நல்ல தூரத்தில் நட வேண்டும்.

நெத்திமேடு சுந்தரம்

வேல் கேட்டதற்கு வருகிறேன். திருமணிமுத்தாற்றின் கரையிலேயே வளர்ந்தவன் நான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்தவன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

காட்டுச் சாமிக்கும் ஆற்றுச் சாமிக்கும் வேலை வேறு. மாதையன் சொன்ன காட்டில் புனிதம் என்பது தடை: தொடாதே, வெட்டாதே, உள்ளே வராதே. ஆற்றில் அது அப்படியே தலைகீழ். வா, மூழ்கு, உன் அழுக்கையும் பாவத்தையும் என்னிடம் விட்டுவிட்டுப் போ என்பதுதான் ஆற்றின் புனிதம். ஆடிப்பெருக்குக்குப் பழைய துணியை ஆற்றில் விடுகிறோம், அஸ்தியைக் கரைக்கிறோம், பூமாலையைப் போடுகிறோம். எதையும் கழுவித் தூய்மையாக்குவது ஆறு என்று நம்பும் மனதுக்கு, ஆறே அழுக்காகும் என்பது எளிதில் ஏறாது. கண்முன்னால் கறுப்பாக ஓடினாலும் ‘கங்கை கங்கைதான்’ என்று தலையில் தெளித்துக்கொள்வார்கள். அந்த பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த பக்தியில் ஆற்றைக் காக்கும் விதி இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்பேட்டை குமரன்

சுந்தரம் ஐயா, விதி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தண்ணீரில் மலஜலம் கழிக்காதே, எச்சில் துப்பாதே என்று தர்ம சாத்திரமே சொல்கிறது. மனு நான்காம் அத்தியாயத்தில் தெளிவாக இருக்கிறது.

நெத்திமேடு சுந்தரம்

இருக்கிறது குமரன். நல்ல விதியும்கூட. ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்கிறது? கரையில் நிற்கும் ஒரு தனி மனிதனை. நம் ஆற்றைக் கெடுத்தது கரையில் நின்று துப்பியவன் இல்லை, குழாய்.

பாலத்தில் நின்று பார்த்தால் எது எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நிறம் நேரத்துக்கு நேரம் மாறி, காலையில் சிவப்பாகவும் மதியம் நீலமாகவும் ஓடி, விழும் இடத்தில் நுரை கட்டினால் சாயக் கழிவு. பால் கலந்த மாதிரி வெளுத்து, புளித்த மாவு வாடை அடித்தால் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர். மரவள்ளி மாவைக் கழுவி விட்ட தண்ணீரில் இருக்கும் மாச்சத்து புளித்து, ஆற்று நீரில் இருக்கும் ஆக்ஸிஜனை முழுக்கத் தின்றுவிடும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் வந்து, அடியிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தால் வீட்டுச் சாக்கடை. அடிச்சேற்றில் ஆக்ஸிஜனே இல்லாமல் அழுகும்போது வரும் வாயு அது. நகருக்குள் மூன்றும் சேர்ந்தே வரும்.

இந்த மூன்றில் எதிலும் தனி ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுகிறவர், தான் சாமி மேல் ஊற்றுகிறோம் என்று நினைப்பதே இல்லை. குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று பார்த்ததும் இல்லை. மாதையன் ஊர்க்காட்டில் ஆடு நுழைந்தால் யார் ஆடு என்று ஊருக்கே தெரியும். சாக்கடை யாருடையது என்று யாரைக் கேட்பது?

கெட்ட ஆற்றுக்கு நல்லது நடந்த இடங்களைப் பாருங்கள். நொய்யலும் பேரூரில் புனிதம்தான். அதில் சாயம் விடுவதை நிறுத்தும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட்டது. நம் ஜவ்வரிசி ஆலைகளில் பலர் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்த ஆரம்பித்ததும், விறகுச் செலவு குறைந்ததால்தான். அங்கே புனிதம் எதையும் செய்யவில்லை.

கோட்டை நசீர்

சலாம், வணக்கம். தண்ணீரைக் காக்கும் விதியைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பொது இடத்தில் கிணறு வெட்டியவருக்கு அதைச் சுற்றி 40 முழம், தண்ணீர் குடிக்க வரும் கால்நடை படுப்பதற்கு என்று ஹதீஸ் இருக்கிறது. அதை வைத்துச் சட்ட அறிஞர்கள் கிணறு, ஊற்று, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டத்தில் ஓர் எல்லை வகுத்தார்கள். அதற்கு ஹரீம் என்று பேர். அந்த எல்லைக்குள் இன்னொரு கிணறு வெட்டக் கூடாது, தண்ணீரைக் கெடுக்கும் எதையும் வைக்கக் கூடாது. மேய்ச்சலுக்குக் காத்து வைத்த நிலத்துக்கு ஹிமா என்று பேர். மதீனாவைச் சுற்றியே மரம் வெட்டக் கூடாத எல்லை ஒன்றை நபி (ஸல்) வகுத்தார்கள்.

இங்கே தண்ணீரும் மரமும் வணக்கத்துக்குரியவை இல்லை. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான். நாம் பொறுப்பாளிகள், கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூவில் தண்ணீரை வீணாக்காதே என்று சொல்லப்பட்டிருக்கிறது. நபியவர்கள் ‘முத்து’ என்ற பழைய அரபு முகத்தலளவில் ஒன்று, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரில், ஒளூ செய்ததாக வருகிறது. இப்போது குழாயைத் திறந்துவிட்டு ஒளூ செய்தால் அதைப்போல் பல மடங்கு போகும். பழைய பள்ளிவாசல்களில் இருந்த ஹவ்ளுத் தொட்டியில் கையால் அள்ளித்தான் செய்வோம், அதில் வீணாகவே ஆகாது. வசதி என்று குழாய் வைத்தோம், சுன்னத் என்னும் நபிவழி கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் பள்ளியில் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஏற்காடு ரீட்டா

நசீர் பாய் சொன்ன பொறுப்பு என்பது எங்களுக்கும் அப்படியே. பைபிளில் பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்ற வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 1967-ல் லின் வைட் என்ற வரலாற்று ஆசிரியர், சுற்றுச்சூழல் கெட்டதற்குக் கிறிஸ்தவச் சிந்தனை பெரிய காரணம் என்று எழுதினார். அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தார் என்று வருகிறது. உபாகமத்தில், ஒரு பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கும்போதுகூடக் கனி தரும் மரத்தைக் கோடாலியால் வெட்டாதே என்று இருக்கிறது. போரிலேயே இந்தக் கட்டுப்பாடு. போப் பிரான்சிஸ் 2015-ல் இதற்காகவே ஒரு சுற்றுமடல் எழுதினார்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அப்போது காடு வெட்டியவர்களில் பைபிள் வாசிக்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அம்மாபேட்டை இளங்கோ

எல்லோரும் சாமிக்காட்டைப் புகழ்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். காடு நின்றது சாமியாலா, இல்லை யாருக்கும் அந்த இடம் தேவைப்படாததாலா? மாதையன் அண்ணன் காடு ஓடைத் தலைப்பில் இருக்கிறது, சரிவு, பாறை. உழ முடியாத இடத்தில்தான் சாமியை வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்ட இடத்தில் சாமி எப்போதுமே தோற்றிருக்கிறது. சமவெளியில் எத்தனை ஐயனார் காடு வயலானது? நமக்குத் தெரிவது மிச்சம் நின்றவை மட்டும்தான். அழிந்ததை யார் எண்ணினார்கள்?

இன்னொன்று. மாதவிடாய் நாளில் பெண்கள் போகக் கூடாது, சில காட்டில் பெண்களே போகக் கூடாது என்ற விதியும் அதே கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் வருகிறது. ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இயற்கைப் பாதுகாப்பு என்கிறோம்.

ஏற்காட்டு மாதையன்

இளங்கோ தம்பி, முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். எங்கள் காடு சரிவுதான். ஆனால் அதைவிடச் சரிவான இடத்திலெல்லாம் காபி போட்டிருக்கிறார்கள், வந்து பாருங்கள். சரிவு காப்பாற்றியது என்றால் பக்கத்துச் சரிவும் நிற்க வேண்டும் இல்லையா? பெண்கள் விஷயத்தில் எங்கள் ஊரிலேயே இரண்டு பேச்சு உண்டு. எங்கள் அக்கா மகள் இந்த வருடம் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டாள். பெரியவர்கள் பதில் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

நெத்திமேடு சுந்தரம்

தேவைப்பட்ட இடத்தில் சாமி தோற்கும் என்பதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது. சேர்வராயன் மலை உச்சி மேடுகளில் பாக்சைட் தொப்பி போட்டதுபோல் படிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல வருடம் அதை வெட்டினார்கள். சாமி மலை என்பது அதைத் தடுக்கவில்லை.

ஆனால் அதே பாக்சைட், அதே மாதிரி சாமி மலை, ஒடிசாவில் வேறு முடிவுக்கு வந்தது. நியம்கிரி மலை டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு நியம்ராஜா என்ற சாமி. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதை அந்த ஊர்க் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபை கூடியது, 12-ம் வேண்டாம் என்றது. சுரங்கம் வரவில்லை. அங்கே பக்தி கூடுதல் என்று நான் நினைக்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபை கையில் ஒரு பிடி கொடுத்திருந்தது, அவர்கள் அதை இறுகப் பிடித்தார்கள். 2024 டிசம்பரில் ராஜஸ்தானின் ஓரண் என்ற சாமிக்காடுகளை அளந்து, வனமாக அறிவிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்ததும் இந்த வழியில்தான். நம் மாநிலத்திலும் திண்டுக்கல் பக்கம் காசம்பட்டிக் கோயில்காட்டைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2025-ல் அறிவித்தார்கள்.

அம்மாபேட்டை இளங்கோ

அப்படியானால் காப்பாற்றியது சட்டம், சாமி இல்லை என்றுதானே வருகிறது?

நெத்திமேடு சுந்தரம்

இல்லை. சாமி இல்லாவிட்டால் கிராம சபையில் என்ன சொல்லியிருப்பார்கள்? இழப்பீட்டுத் தொகை பற்றித்தான் பேசியிருப்பார்கள். விலை பேச மாட்டோம் என்று 12 ஊரும் சொன்னதற்குக் காரணம் சாமி. அந்த வார்த்தையைக் கேட்டாக வேண்டும் என்று வைத்தது சட்டம்.

ஏற்காட்டு மாதையன்

சரி, இப்போது என் கேள்வி. எங்கள் சாமிக்காட்டை ‘கோயிலாக்க’ வேண்டும் என்று வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பையன்கள் பணம் சேர்த்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சாமி வெயிலில் நிற்கிறதே என்ற ஆதங்கம்தான். கல் சாமிக்குக் கருவறை, முன்னால் மண்டபம், வாசலில் இருக்கும் பெரிய அரசமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் தளம், டைல்ஸ். புதரை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து, சருகைப் பெருக்கி எரிக்க வேண்டுமாம். மரத்தை வெட்டவே மாட்டோம், மரம்தான் சாமி என்று அவர்களும் சொல்கிறார்கள். இதில் என்ன தவறு என்று என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது.

அஸ்தம்பட்டி ஜானகி

மாதையன், உங்களுக்குத் தோன்றியது சரி. சாமிக்காடுகள் கோடாலியால் போவதைவிட இப்படித் திருப்பணியால் போவதுதான் இப்போது அதிகம். காரணத்தை விளக்குகிறேன், கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள்.

மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேரெல்லாம் மேலே இரண்டு அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். வேரும் மூச்சு விடும். சிமெண்ட் போட்டால் மழைநீர் இறங்காது, காற்றும் இறங்காது. மேடையை உயர்த்துவதற்காகத் தண்டைச் சுற்றி மண் கொட்டினால் அடிப்பட்டை ஈரத்தில் அழுகும். மரம் உடனே சாகாது, அதுதான் ஆபத்து. சில வருடம் பச்சையாகவே இருக்கும். பிறகு உச்சிக் கிளைகளின் நுனி காயும், இலை சிறுத்து அடர்த்தி குறையும், அடித்தண்டில் காளான் தட்டு முளைக்கும். அதற்குள் சிமெண்ட் போட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். அப்புறம் ஒரு காற்றில் விழுந்தால் மண்டபத்தின் மேலேதான் விழும்.

எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று பாருங்கள். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், தண்டைச் சுற்றி நாடா போட்டு அளங்கள். அந்தச் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. அதை 12-ஆல் பெருக்கினால் மரத்திலிருந்து எத்தனை அடிக்குத் தோண்டவோ தளம் போடவோ கூடாது என்று வரும். உங்கள் மரம் ஒன்பதரை அடி சுற்றளவு என்று வைத்துக்கொள்வோம். குறுக்களவு 3 அடி, விட வேண்டியது எல்லாப் பக்கமும் 36 அடி. அவ்வளவு முடியாது என்றால், கிளை விரிந்திருக்கும் நிழல் விளிம்புவரையாவது வெறும் மண்ணாக விடுங்கள். ஜனங்கள் உட்கார வேண்டும் என்றால் பலகைக் கல்லைச் சாந்து இல்லாமல் இடைவெளி விட்டுப் பரப்பலாம்.

இனி காட்டைப் பற்றி. புதர் என்று அவர்கள் சொல்வதில் பாதி, நாளைய மரங்கள். உள்ளே நடந்து பாருங்கள். பெரிய மரம் எந்த எந்த வகையோ, அதே வகையில் முழங்கால் உயரக் கன்று இருக்கிறதா? கட்டைவிரல் தடிமன், கைத் தடிமன் என்று இடைப்பட்டவை இருக்கின்றனவா? கிழட்டு மரங்கள் மட்டும் இருந்து நடுவில் ஒன்றுமே இல்லை என்றால், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. சருகைப் பெருக்கி எரித்தால் அதுதான் நடக்கும். உங்கள் சுனைக்கும் அந்தச் சருகுதான் காரணம். மழை நேராக மண்ணில் அறையாமல் சருகு வாங்கி மெதுவாக உள்ளே விடுகிறது. உண்ணிச்செடி மட்டும் வேறு கதை. ஓரத்தில் வெளிச்சம் புகுந்த இடத்தில் அது அடைத்துக்கொண்டு கன்றுகளை வளரவிடாது. அதைக் கையால் வேரோடு எடுக்கலாம், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

செவ்வாய்பேட்டை குமரன்

சாமி வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும் என்கிறீர்களா டீச்சர்? ஆகமப்படி ஒரு கோயில் அமைந்தால் ஊருக்கு நல்லதுதானே. ஒரு தல விருட்சம் வைத்துக்கொண்டால் மரமும் இருக்கும். சுகவனேசுவரர் கோயிலில் பாதிரி மரம் இருக்கிற மாதிரி.

அஸ்தம்பட்டி ஜானகி

பெரிய கோயிலில் பாதிரி ஒன்று நிற்பது அந்த வகை மரம் அழியாமல் இருக்க உதவும், அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு மரம் காடாகாது. 2 ஏக்கர் காட்டைக் கொடுத்து ஒரு தல விருட்சம் வாங்குவது நஷ்டக் கணக்கு. அந்தச் சாமிக்கு வெயில் படுகிறதா என்று மாதையனைக் கேளுங்கள். அங்கே கூரை மரம்தான்.

தாதகாப்பட்டி செல்வி

கன்றை எடுத்துவிட்டோம் டீச்சர். மாமியார் மஞ்சள் குங்குமம் வைத்துதான் விட்டார். எங்கே நடுவது என்று தெரியவில்லை, மூக்கனேரிக் கரையில் நடலாமா?

கண்ணங்குறிச்சி வேல்

எங்கள் ஊர் ஏரிதான், வாருங்கள். கரையின் மேலே நடாதீர்கள், வேர் கரையைப் பிளக்கும். கொஞ்சம் தள்ளி இடம் காட்டுகிறேன்.

சுந்தரம் ஐயா சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆற்றுக்கும் மாதையன் அண்ணன் ஊர் மாதிரி ஓர் எல்லையும் அபராதமும் வைக்க முடியாதா? நசீர் பாய் சொன்ன அந்த 40 முழம் மாதிரி. எங்கள் தெருவில் மட்டும் எத்தனை வீட்டுக் குழாய் ஓடைக்குப் போகிறது என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன். சிலர் கதவையே திறக்கவில்லை.

நெத்திமேடு சுந்தரம்

எண்ணுங்கள். குழாய் விழும் இடத்தில் வீட்டு எண்ணைச் சுண்ணாம்பால் எழுதிப் பாருங்கள், சண்டை வரும். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டுக்காரர் குழாயை எங்கே திருப்புவார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மேல் மட்டும் அபராதம் போடுவது எனக்கு நியாயமாகவும் படவில்லை.

ஏற்காட்டு மாதையன்

டீச்சர், அளந்துவிட்டோம். மரத்தின் சுற்றளவு 11 அடி. நீங்கள் சொன்ன கணக்கில் 42 அடி வருகிறது. மண்டபம் போட நினைத்த இடம் முழுக்க அதற்குள்தான். பையன்கள் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவர்களே கல் வைத்து எல்லை போட்டார்கள். கருவறை கட்டியே ஆக வேண்டும் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள், பணம் அதிகம் போட்டதும் அவர்கள்தான். காட்டுக்கு வெளியே, ஊர் வழியில் ஒரு பொங்கல் கொட்டகை கட்டலாம் என்று எங்கள் அக்கா மகள் சொல்லியிருக்கிறாள். கன்றுகளைப் பார்த்தோம். நாவலும் பலாவும் எல்லா வயதிலும் இருக்கின்றன. செண்பகத்தில் கிழட்டு மரம் மூன்று, கன்று ஒன்றுகூட இல்லை. விதை எப்போது விழும், எப்படி முளைக்க வைப்பது என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். கூட்டம் வருகிற அமாவாசைக்கு.